வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நின்றுபோனவன்

லண்டனில் நாடாளுமன்றத்தின் மணிக்கூண்டை ஒட்டித் தொடங்குகிறது வெஸ்ட்மின்ஸ்டர் பாலம். 1862-இல் திறந்த இரும்புப் பாலம், ஏழு வளைவுகள். மக்களவை இருக்கைகளின் பச்சை நிறத்தையே இதற்கும் பூசியிருக்கிறார்கள். தேம்ஸ் நதி அந்த இடத்தில் ஏறக்குறைய வடக்கு நோக்கி ஓடுவதால், பாலம் மேற்கிலிருந்து கிழக்காகப் படுத்திருக்கிறது. இந்தத் திசை விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நகரம் முழுவதையும் முப்பரிமாண வரைபடமாகக் கட்டி, அதற்குள் ஓர் ஆளை நடக்க விடும் வேலை எங்களுடையது. மணிக்கூண்டின் அடியில் அவனை நிறுத்தி, கிழக்கே நடக்கும் பொத்தானை அழுத்தினால், அவன் நடக்கவில்லை. கால்கள் ஆடுகின்றன, கைகள் வீசுகின்றன, ஆள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறான். அந்தப் பகுதியைக் கவனித்துக்கொண்டிருந்த இளம் சக ஊழியர் என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணா, ஒண்ணு பாருங்க. இந்தப் புது மெஷின்ல நகரவே மாட்டேங்குறான். என் பழைய லேப்டாப்ல ஓட்டினா நடக்குறான். நடக்குறான்னா, கொஞ்சம் வேகமாவே நடக்குறான்.”

அதே நிரல், அதே தரவு. வேகமான கணினியில் நிற்கிறான், மெதுவான கணினியில் விறுவிறுவென்று நடக்கிறான். இப்படிப்பட்ட பிழையைக் கண்டதும் எல்லோரும் தேடுகிற இடங்களையே நாங்களும் தேடினோம். விசைப்பலகையா, மோதல் கணக்கா, காலில் கண்ணுக்குத் தெரியாத சுவர் ஏதாவது தட்டுகிறதா என்று அரை நாள் போயிற்று. கணக்கைத் தனியே சரிபார்க்கலாம் என்று அவர் பைத்தானில் ஒரு வரி எழுதிப் பார்த்தார். 530500-உடன் 1.4/60-ஐக் கூட்டினால் 530500.0233 என்று சரியாகவே வந்தது. அந்த விடைதான் எங்களை இன்னும் அரை நாள் அலைய விட்டது.

அந்த எண்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே, நாடு முழுவதுக்கும் ஒரே சதுரக் கட்டத்தைப் போட்டு வைத்திருக்கிறது. எந்த இடத்தையும் கிழக்கே இத்தனை மீட்டர், வடக்கே இத்தனை மீட்டர் என்று இரண்டு எண்களால் சொல்லலாம். நாட்டுக்குள் எங்குமே கழித்தல் குறி வரக்கூடாது என்பதற்காக, கட்டத்தின் தொடக்கப் புள்ளியைத் தென்மேற்கே சில்லி தீவுகளைத் தாண்டிக் கடலில் தள்ளி வைத்தார்கள். அங்கிருந்து அளந்தால் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் கிழக்கே சுமார் 530,500 மீட்டர், வடக்கே சுமார் 179,700 மீட்டர். கட்டடங்கள், தெருக்கள், பாலத்தின் கைப்பிடிக் கம்பிகள் எல்லாமே இந்த எண்களில்தான் எங்களுக்கு வந்தன. நாங்களும் அப்படியே ஏற்றிக்கொண்டோம். ஆக, எங்கள் உலகத்தின் சுழிப்புள்ளி அட்லாண்டிக் கடலில் இருந்தது. நடக்க வேண்டிய ஆளோ அரை மில்லியன் மீட்டருக்கு அப்பால் நின்றான்.

படம் வரையும் நிரல்கள் பெரும்பாலும் எண்களை 32 பிட்டுகளில் வைக்கின்றன. இந்த வடிவத்தை ஃப்ளோட் என்பார்கள். புள்ளி நிலையாக நிற்காமல் எண்ணின் அளவுக்கேற்ப நகர்வதால் தமிழில் மிதவைப் புள்ளி எண். இன்று ஏறக்குறைய எல்லாக் கணினிகளும் பின்பற்றும் ஐஈஈஈ 754 தரம் 1985-இல் வந்தது, கணிதவியலாளர் வில்லியம் கஹானின் கை அதில் பெரிது. 32 பிட்டுகளில் ஒன்று கூட்டல் கழித்தல் குறிக்கு, எட்டு எண்ணின் பருமனுக்கு. எஞ்சிய 23 பிட்டுகளும், எழுதாமலே இருப்பதாகக் கொள்ளும் ஒரு பிட்டும் சேர்ந்து 24 பிட்டுகள் எண்ணின் இலக்கங்களுக்கு. பத்தடிமானத்தில் சொன்னால் ஏறக்குறைய ஏழு இலக்கம்.

ஏழு இலக்கம் தாராளம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஏழும் எண்ணின் இடது கோடியிலிருந்து எண்ணப்படுகின்றன. 1.4 என்ற எண்ணுக்குப் புள்ளிக்குப் பின்னால் ஆறு இலக்கம் கிடைக்கும். 530500 என்பதற்கு, புள்ளிக்கு முன்னாலேயே ஆறு செலவாகிவிடுகின்றன. யானையை நிறுக்கும் எடைமேடையில் குன்றிமணியை வைத்த கதை. மேடையில் பழுது எதுவும் கிடையாது. யானை ஏறி நிற்கும்போது குன்றிமணியின் எடை அதற்குத் தெரியாது, அவ்வளவே.

துல்லியமாகவே கணக்கிடலாம். ஃப்ளோட் எண்கள் தொடர்ச்சியான கோடாக இருப்பதில்லை, படிக்கட்டாக இருக்கின்றன. படியின் அகலம் இரண்டின் அடுக்குகளில் மட்டும் மாறும். 131,072-க்கும் 262,144-க்கும் இடையில் ஒரு படி 1/64, அதாவது 1.56 செ.மீ. அடுத்த அடுக்கான 262,144-இலிருந்து 524,288 வரை 3.125 செ.மீ. அதைத் தாண்டினால் 6.25 செ.மீ. பாலத்தின் கிழக்கு எண் 530,500 என்பதால் அது இந்தக் கடைசி வகுப்பில் விழுகிறது. வடக்கு எண் 179,700 முதல் வகுப்பில். ஒரே இடத்தில், ஒரு திசையில் 6.25 செ.மீ. படி, இன்னொரு திசையில் அதில் கால் பங்கு.

இனி நம் ஆளைப் பார்ப்போம். மனித நடையின் வேகம் விநாடிக்கு 1.4 மீட்டர் என்று வைத்திருந்தோம். புதுக் கணினி விநாடிக்கு 60 ஃப்ரேம் வரைகிறது. ஒரு ஃப்ரேமுக்கு அவன் நகர வேண்டியது 2.33 செ.மீ. கூட்டி வந்த விடை இரண்டு படிகளுக்கு நடுவில் விழுந்தால், எந்தப் படி அருகில் இருக்கிறதோ அதற்குக் கணினி உருட்டிவிடும். 6.25-இல் பாதி 3.125. 2.33 அதைவிடக் குறைவு. ஆகவே அருகிலுள்ள படி, அவன் ஏற்கெனவே நிற்கும் படிதான். அடுத்த ஃப்ரேமிலும் அதே கூட்டல், அதே உருட்டல். விடியவிடிய நடந்தாலும் ஓர் அங்குலம் நகரமாட்டான்.

```cpp
float x = 530500.0f;
printf("%f\n", nextafterf(x, INFINITY) - x);  // 0.062500
x += 1.4f / 60.0f;
printf("%.4f\n", x);                          // 530500.0000
```

பழைய லேப்டாப் விநாடிக்கு 30 ஃப்ரேம்தான் வரைந்தது. அதில் ஒரு ஃப்ரேமுக்கு 4.67 செ.மீ. அது பாதிப் படியைத் தாண்டிவிட்டதால் மேலே உருண்டு முழுப் படியாகிறது. ஃப்ரேமுக்கு 6.25 செ.மீ. வீதம் விநாடிக்கு 1.875 மீட்டர். ‘கொஞ்சம் வேகமாவே நடக்குறான்’ என்று அவர் சொன்னது கண்ணின் மயக்கமில்லை, மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகம். பைத்தான் ஏன் சரியாகச் சொன்னது என்பதும் இப்போது புரியும். பைத்தானின் சாதாரண எண் 64 பிட், 53 பிட் இலக்கங்கள் கொண்ட டபுள். நோயாளியை விட்டுவிட்டு அவருடைய அண்ணனின் ரத்தத்தைச் சோதித்திருக்கிறோம். `numpy.float32` என்று கேட்டிருந்தால் முதல் நிமிடத்திலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

காரணம் இதுதான் என்று நினைப்பதும் நிரூபிப்பதும் வேறு. இந்தப் பிழைக்கு வேறு எதற்கும் இல்லாத ஒரு கைரேகை உண்டு. திசைக்குத் திசை மாறும், இரண்டின் அடுக்குகளில் சட்டென்று மாறும். முதலில் அவனை வடக்கே திருப்பினோம். அங்கே படி 1.5625 செ.மீ. 2.33 என்பது ஒன்றரைப் படிக்கு மயிரிழை குறைவு, எனவே ஒரு படியாக உருளும். 60 ஃப்ரேமில் விநாடிக்கு 0.9375 மீட்டர் வரவேண்டும். அளந்தோம், 0.9375 வந்தது.

இரண்டாவது சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. கிழக்கு எண் சரியாக 524,288 ஆகும் இடத்தில் வடக்கு தெற்காக ஒரு கோடு போட்டால், அது மேற்கு லண்டனில் ஹாமர்ஸ்மித்துக்கும் ஒலிம்பியாவுக்கும் நடுவில் ஓடுகிறது. தரையில் அங்கே எந்த அடையாளமும் இல்லை. எந்த நில அளவையாளரும் அப்படி ஒரு கோட்டை வரைந்ததில்லை. இரண்டைப் பத்தொன்பது முறை பெருக்கினால் வரும் எண், அவ்வளவுதான் அதன் தகுதி. ஆளை அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கிழக்கே நிறுத்தி மேற்கே நடக்கச் சொன்னால் நின்றான். கையால் தூக்கிக் கோட்டுக்கு மேற்கே வைத்ததும் நடக்கத் தொடங்கினான், அதுவும் 1.875 மீட்டர் வேகத்தில். மோதல் கணக்கிலோ விசைப்பலகையிலோ பிழை இருந்தால் அதற்கு 524,288 என்ற எண் எப்படித் தெரியும்? தேடல் அங்கே முடிந்தது. பாதித் தேடல் என்று சொல்வதுதான் சரி.

ஆளின் இடத்தை டபுளில் வைத்தோம். டபுளில் அந்தத் தொலைவில் ஒரு படி, மில்லிமீட்டரை எண்பது லட்சம் கூறுகளாக்கினால் அதில் ஒன்றைவிடச் சிறியது. கூட்டல் கணக்கு சரியாயிற்று, ஆள் பாலத்தில் நடந்தான். ஆனால் பாலம் நடுங்க ஆரம்பித்தது. உண்மையில் முன்பும் நடுங்கியிருக்க வேண்டும். ஆள் நின்ற இடத்திலேயே நின்றதால் கேமராவும் அசையவில்லை, எங்கள் கண்ணில் படவில்லை. இப்போது கேமரா அவன் பின்னே போகப் போக, பச்சைக் கைப்பிடியின் பூவேலை முழுதும் கொதிக்கும் உலை போலத் துடித்தது.

“இது இசட்-ஃபைட்டிங் மாதிரி இருக்கே அண்ணா,” என்றார்.

சந்தேகம் நியாயமானது. ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினாற்போல இரண்டு பரப்புகள் இருந்தால், எது முன்னால் என்று ஆழக் கணக்குக்குத் தெரியாமல் இரண்டும் மாறி மாறி மினுங்கும். அதுவும் துல்லியப் பற்றாக்குறைதான், ஆனால் வேறு இடத்துப் பற்றாக்குறை. அது கேமராவிலிருந்து பொருள் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. தொலைவில் மோசமாக இருக்கும், மூக்கருகே வந்தால் அடங்கும். கேமராவின் அண்மை எல்லையை 0.1 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்குத் தள்ளினால் பெரும்பாலும் பாதி வியாதி போய்விடும். எங்கள் நடுக்கம் நேர்மாறாக இருந்தது. கைப்பிடிக்குப் பக்கத்தில் போகப் போகப் பெரிதாகத் தெரிந்தது, அண்மை எல்லையைத் தள்ளியும் அசைந்து கொடுக்கவில்லை. கேமராவை அசையாமல் பிடித்தால் நடுக்கமும் அப்படியே உறைந்தது. இடத்தை மாற்றாமல் இலேசாகத் திருப்பினால் மறுபடியும் துடித்தது. இன்னொன்றையும் கவனித்தோம். கேமராவை நேர்மட்டமாக வைத்திருக்கும்வரை கம்பிகள் பக்கவாட்டில்தான் ஆடின, மேலும் கீழும் ஆடவில்லை. உயரம் தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான், அந்த அளவு எண்ணுக்கு ஃப்ளோட்டின் படி ஒரு மைக்ரான். உயரத்துக்கு இலக்கத் தட்டுப்பாடே இல்லை.

திருப்பினால் ஏன் துடிக்க வேண்டும் என்பதைப் பார்க்க, வரைகலை அட்டைக்குள் நடப்பதைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கம்பியின் முனை திரையில் எங்கே விழும் என்று கண்டுபிடிக்க, அந்த முனை கேமராவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று தெரிய வேண்டும். முனை 530,503-இல், கேமரா 530,500-இல் என்றால் விடை 3 மீட்டர். ஆனால் அட்டை அதை நேரடியாகக் கழிப்பதில்லை. கேமராவின் திருப்பமும் இடமும் சேர்ந்த ஓர் அணியை வைத்து, முனையின் மூன்று எண்களையும் திருப்ப எண்களால் பெருக்கி, கூட்டி, கடைசியில் கேமராவின் இடத்தைத் திருப்பிய எண்ணை அதிலிருந்து கழிக்கிறது. நடுவில் வரும் ஒவ்வொரு பெருக்கலும் லட்சக்கணக்கில் விடை தருகிறது. ஒவ்வொன்றும் சில செ.மீ. உருட்டலுக்கு ஆளாகிறது. பெரிய எண்கள் ஒன்றையொன்று தின்று தீர்த்து 3 மீட்டர் எஞ்சும்போது, பெரிய எண்களின் உருட்டல் பிழை மட்டும் தின்னப்படாமல் அதில் ஒட்டிக்கொள்கிறது. கேமராவை ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு திருப்பினாலும் பெருக்கல்கள் மாறும், உருட்டல்கள் வேறு பக்கம் சாயும், பிழையும் வேறாகும். 3 மீட்டர் என்பது இந்த ஃப்ரேமில் 3.04, அடுத்ததில் 2.97. கண்ணுக்கு அது நடுக்கம்.

இதில் ஒரு நுணுக்கம் நோயைப் பிரித்தறிய உதவும். ஒரு பொருளின் முனைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே துடித்து அதன் வடிவமே நெளிந்தால், முனைகள் உலக எண்களிலேயே அட்டைக்குப் போகின்றன என்று பொருள். எங்கள் கைப்பிடி அந்த வகை. அதே பாலத்தில் நின்ற சிவப்பு பஸ்ஸோ வடிவம் கெடாமல் மொத்தமாகக் குலுங்கியது. பஸ்ஸின் முனைகள் பஸ்ஸின் நடுவிலிருந்து அளந்த சின்ன எண்கள். பொருளின் இடத்தையும் கேமராவையும் முன்கூட்டியே பெருக்கி ஒரே அணியாக்கி அனுப்பியிருந்ததால், பிழை அந்த அணியின் நகர்வு எண்ணில் மட்டும் இருந்தது. நெளிந்தால் ஓரிடத்தில் தேட வேண்டும், குலுங்கினால் வேறிடத்தில்.

கைவைத்தியங்கள் சிலவற்றை யாராவது சொல்வார்கள். அலகை மாற்றலாம் என்பது அவற்றில் முதலாவது. மீட்டரை விட்டுக் கிலோமீட்டரில் எழுதினால் 530,500 என்பது 530.5 ஆகி எண் சின்னதாகிவிடும் அல்லவா? ஆகும். படியும் சேர்ந்தே சின்னதாகும். 512-க்கும் 1,024-க்கும் நடுவில் படி ஒரு கிலோமீட்டரில் 16,384-இல் ஒரு பங்கு, அதாவது 6.1 செ.மீ. இருந்ததும் போயிற்று என்றில்லை, வந்ததும் ஒன்றுமில்லை. கட்டுப்பாடு இலக்கங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது, புள்ளி இருக்கும் இடத்தில் இல்லை. அட்டைக்குள்ளும் டபுளையே பயன்படுத்தலாமே என்பது இரண்டாவது. செய்யலாம், ஆனால் விளையாட்டுக்கான பல அட்டைகளில் டபுள் கணக்கு ஃப்ளோட் கணக்கின் வேகத்தில் 32-இல் ஒரு பங்கு, சிலவற்றில் 64-இல் ஒரு பங்குதான் ஓடும்.

செய்ய வேண்டியது எளிது. சுழிப்புள்ளியைக் கடலிலிருந்து தூக்கி லண்டனுக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாக் கிழக்கு எண்களிலிருந்தும் 530,000, எல்லா வடக்கு எண்களிலிருந்தும் 180,000 கழித்தால், நகரத்தின் ஓரத்துக்குப் போனாலும் எண் 30,000-ஐ ஒட்டியே நிற்கும். அங்கே படி 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. கழித்தோம். நடுக்கம் நின்றது. குழுவில் டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடியும் விட்டோம்.

மறுநாள் காலை கைப்பிடியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தவர் அவர்தான். நடுக்கம் இல்லை. ஆனால் கம்பிகள் சரியில்லை. எங்கள் மாடலில் ஒவ்வொரு கம்பியும் 2 செ.மீ. தடிமன். திரையில் சில கம்பிகள் மூன்று மடங்கு பருத்திருந்தன, பல கம்பிகளைக் காணவே இல்லை. எண்ணிப் பார்த்தோம், ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று பருத்தது, மற்றவை மாயம்.

இந்த விகிதமே விடையைச் சொல்லிவிட்டது. 2 செ.மீ. அகலக் கம்பியின் இரு விளிம்புகளையும் 6.25 செ.மீ. படிக்கட்டில் வைத்தால், பெரும்பாலும் இரண்டும் ஒரே படிக்கு உருளும், கம்பியின் அகலம் சுழியாகி மறையும். நூற்றுக்கு 32 முறை விளிம்புகள் அடுத்தடுத்த படிகளுக்குப் போய்க் கம்பி 6.25 செ.மீ. ஆகும். பாலம் கிழக்கு மேற்காகக் கிடப்பதால் கம்பிகளின் தடிமன் சரியாக அந்த மோசமான திசையில் மாட்டிக்கொண்டது. வடக்கு தெற்காகக் கிடக்கும் பாலமாக இருந்தால் சேதத்தைக் கவனித்திருக்கவே மாட்டோம். ஆக, கழிப்பதற்கு முன்பே யாரோ எண்களை ஃப்ளோட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். கோப்பை ஏற்றும் நிரலைத் திறந்து பார்த்தால் அந்த யாரோ நான்தான்.

```cpp
float bad  = (float)e - (float)originE;
float good = (float)(e - originE);
```

இரண்டு வரிகளிலும் அதே எண்கள், அதே கழித்தல். முதல் வரி இலக்கங்களை வெட்டி எறிந்த பிறகு கழிக்கிறது, இரண்டாவது கழித்த பிறகு வெட்டுகிறது. வெட்டி எறிந்த இலக்கங்கள் பிறகு எந்தக் கழித்தலாலும் திரும்பாது. முதல் வகைப் பிழை மிகவும் வஞ்சகமானது, ஏனென்றால் நடுக்கம் போய்விடுகிறது. நடுக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தவருக்கு வேலை முடிந்த மாதிரி ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்டது, ஏற்றிய உடனே அடுத்தடுத்த முனைகளின் இடைவெளிகளை அச்சிட்டுப் பார்ப்பது. எல்லா இடைவெளிகளும் 0.0625-இன் மடங்குகளாகவே வந்தால் தரவு எங்கோ வழியில் ஃப்ளோட்டாகப் படுத்து எழுந்திருக்கிறது.

ஒரு நகரத்துக்கு இது போதும். சுழிப்புள்ளியை ஒருமுறை நகர்த்தினால் வேலை தீர்ந்தது. உலகம் அதைவிடப் பெரிதாக இருந்தால் நிலையான எந்தச் சுழிப்புள்ளியும் உதவாது. பூமி உருண்டையை அதன் நடுவிலிருந்து அளக்கும் வரைபடங்களில், நிலநடுக்கோட்டின் மேல் நிற்பவரின் தொலைவு 6,378,137 மீட்டர். அந்த எண்ணுக்கு ஃப்ளோட்டின் படி அரை மீட்டர். அரை மீட்டர் படியில் வீட்டுக்குக் கதவு வைக்க முடியாது. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற ராக்கெட் விளையாட்டில் இந்தச் சங்கடம் இன்னும் கடுமையாக வந்தது. கப்பலின் பாகங்கள் ஒவ்வொன்றின் இடமும் உருட்டப்பட்டதால், இணைப்புகள் இழுபட்டதாகக் கணக்கு நினைத்துக்கொண்டு கப்பலைக் காரணமில்லாமல் சிதறடித்தது. விளையாடியவர்கள் அந்தக் கண்காணாத பூதத்துக்குக் கிராக்கன் என்று பெயர் வைத்தார்கள். அதை அடக்க எழுதிய பகுதிக்கு ‘கிராக்கன்ஸ்பேன்’ என்றே பெயரிட்டார்கள். கப்பலைச் சுழிப்புள்ளியில் நிறுத்திவிட்டு, பிரபஞ்சத்தைப் பின்னோக்கி நகர்த்துவது அதன் வேலை.

உருண்டை வரைபடங்களை உலாவியில் காட்டும் சீசியம் வேறு வழியில் போகிறது. ஒவ்வொரு எண்ணையும் 65,536-இன் மடங்கான பெரிய பகுதி, அதற்குமேல் எஞ்சும் சின்னப் பகுதி என்று டபுளிலேயே இரண்டாகப் பிளந்து, இரண்டையும் ஃப்ளோட்டாக அட்டைக்கு அனுப்புகிறது. கேமராவின் இடத்தையும் அப்படியே பிளக்கிறது. அட்டைக்குள் பெரியதிலிருந்து பெரியதைக் கழித்தால் விடை பிசகில்லாமல் வரும், ஏனென்றால் இரண்டும் 65,536-இன் மடங்குகள். சின்னதிலிருந்து சின்னதைக் கழித்துக் கூட்டினால், அரை மீட்டர் பிழை சில மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். ரூபாயை ரூபாயோடும் பைசாவைப் பைசாவோடும் கணக்குத் தீர்ப்பது மாதிரி. 2022-இல் வந்த அன்ரியல் இன்ஜின் 5 உலக எண்களையே டபுளாக மாற்றிக்கொண்டது. அங்கும் அட்டைக்குப் போகும் கடைசி அடியில் ஃப்ளோட் இருக்கிறது, எனவே கழித்தல் எந்த இடத்தில் நடக்கிறது என்ற கேள்வி தீர்ந்துபோகவில்லை.

எங்கள் வரைபடத்தில் கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நிரலை ஓடவிட்டு வீட்டுக்குப் போனோம். திங்கள் காலை ஒன்பது மணிக்கு வந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது, தேம்ஸ் மட்டும் லேசாகத் தயங்கி ஓடுவது போலிருந்தது. நீரின் அலைகளை நகர்த்தும் நேரத்தையும் ஒரு ஃப்ளோட்டில்தான் வைத்திருந்தோம், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் விநாடியில் அறுபதில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டு. அந்தக் கணத்தில் அது இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. அங்கே ஒரு படி 1/64 விநாடி. 1/60-ஐக் கூட்டினால் 1/64-ஆக உருளும். நதியின் ஒரு விநாடி எங்கள் விநாடியில் 0.9375 பங்குதான். வடக்கே நடந்தவன் காட்டிய அதே எண்.

“இப்படியே விட்டா என்ன ஆகும்?” என்று கேட்டார். காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். திங்கள் இரவு பதினோரு மணி வாக்கில் கடிகாரம் 262,144-ஐத் தொடும். படி இரட்டிப்பாகும், கூட்டல் மேல்நோக்கி உருளும், நதி 1.875 மடங்கு வேகத்தில் பாயும். அப்படியே ஓடி, புதன் மதியம் இரண்டு மணிக்குச் சற்று முன்னால் 524,288-க்கு வரும். நிரலை நிறுத்தாமல் விட்டோம். புதன்கிழமை சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது தேம்ஸ் நின்றிருந்தது, பாலத்தின் மேல் அவன் நடந்துகொண்டிருந்தான்.